எம்ஆர்டியில் கேட்கிறது, வீட்டில் கேட்கவில்லை

காது சரியாகக் கேட்கவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் சத்தமான இடத்தைத்தான் குறை சொல்வார்கள். உணவங்காடியில் புரியவில்லை, கல்யாண மண்டபத்தில் புரியவில்லை என்பார்கள். எப்போதாவது ஒருவர் தலைகீழாகச் சொல்வார்: ரயிலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நன்றாகக் கேட்கிறது, வீட்டுக்கு வந்தால்தான் கேட்பதில்லை. சொல்பவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தால், செவித்திறன் சோதிப்பவளான எனக்கு முதலில் ஓட்டோஸ்கிளெரோசிஸ் என்ற காது எலும்பு நோய்தான் நினைவுக்கு வரும்.

குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஆசிரியராக வேலை பார்க்கும் 33 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் வந்தார். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வலது காது மந்தமாகிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். அவர் பேசியதைக் கேட்க நான் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது. கணவர், "இவ ரொம்ப மெதுவாப் பேசுறா, அம்மாவுக்கு அது திமிராத் தெரியுது" என்றார். "சாப்பிடும்போது யாராவது பேசினா சுத்தமா கேக்கலைக்கா, முறுக்கு கடிச்சா அவ்ளோதான்" என்றார் அந்தப் பெண்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிற்றெலும்புகள் உண்டு. அங்கவடிதான் நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர். அதன் அடித்தட்டு உள்காதின் சிறு சாளரத்தில் மெல்லிய நாரால் பிடிக்கப்பட்டு முன்னும் பின்னும் அசைய வேண்டும். இந்த நோயில் சாளரத்தின் முன் விளிம்பில் இருக்கும் எலும்பு கரைந்து, பஞ்சுபோல மறுபடி வளர்ந்து, பிறகு இறுகிவிடுகிறது. பெயின்ட் அடித்து மூடிய ஜன்னல் சட்டத்தோடு ஒட்டிக்கொள்வதுபோல அடித்தட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் ஒட்டுவதில்லை, வருடக்கணக்கில் நடக்கிறது. அதனால்தான் காது போவது அவருக்கே தெரிவதில்லை. டிவியின் சத்தம் கூடிக்கொண்டே போவதை வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள்.

வெளிச் சத்தம் வரும் வழி அடைபட்டாலும், தன் குரலும் மெல்லும் ஓசையும் மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகின்றன. தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுகிறார். மெல்லும் ஓசை எதிரில் இருப்பவரின் பேச்சை மூழ்கடிக்கிறது. ரயில் இரைச்சலோ அவருக்குக் குறைந்தே கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் அந்த இரைச்சலுக்காகக் குரலை உயர்த்துகிறார்கள். ஆக, ரயிலில் அவருக்குத்தான் வசதி.

இந்த நோய் பெரும்பாலும் இருபதுகளில் இருந்து நாற்பதுகளுக்குள் தலைகாட்டும். பெண்களிடம் சுமார் இரண்டு மடங்கு அதிகம். சீனர்களிடம் அரிது, இந்தியர்களிடம் அதைவிட அதிகம். கர்ப்ப காலத்தில் கூடும் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறது, ஆனால் ஆய்வுகள் அதில் ஒத்துப்போகவில்லை. இதற்காக யாரும் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை.

கண்டுபிடிப்பதில் சிக்கல் என்னவென்றால், காதுக்குள் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். செவிப்பறை பளிச்சென்று இருக்கும், அழுக்கோ நீரோ இருக்காது. கைப்பேசிச் செயலியிலோ, வேலையிடத்து வருடாந்தரச் சோதனையிலோ ஹெட்ஃபோன் மாட்டிக் காற்று வழிக் கேட்டலை மட்டும்தான் அளப்பார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அது சொல்லும், எங்கே அடைப்பு என்று சொல்லாது. அதற்கு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து அளக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகள் வரும். டெசிபல் எண் கூடக்கூடக் கோடு கீழே இறங்கும், கேட்பது குறைகிறது என்று பொருள். எலும்புக் கோடு உள்காதின் நலத்தைக் காட்டும். காற்றுக் கோடு அதற்கு எவ்வளவு கீழே போயிருக்கிறதோ, அந்த இடைவெளிதான் அடைப்பின் அளவு.

அந்தப் பெண்ணின் வலது காதில் காற்றுக் கோடு 500 ஹெர்ட்ஸில் 55 டெசிபல், 1000-ல் 50, 2000-ல் 45, 4000-ல் 35. கனத்த, அதாவது சுருதி தாழ்ந்த சத்தங்கள்தான் அதிகம் போயிருந்தன. இந்த நோயின் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். எலும்புக் கோடு 10, 15, 25, 15. சராசரி பார்த்தால் காற்றில் 46, எலும்பில் 16, இடைவெளி 30 டெசிபல். எலும்புக் கோடு 2000-ல் மட்டும் கொஞ்சம் குழிந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கவடி ஒட்டிக்கொண்டால் வரும் குழி அது. பெரும்பாலும் உண்மையான நரம்புக் குறையல்ல, அடைப்பு நீங்கினால் மேலேறும். இடது காதில் தொடக்கம் மட்டும்: காற்றில் சராசரி 26. இந்த நோய் பெரும்பாலோருக்கு இரண்டு காதிலும் வரும், ஆனால் சேர்ந்தே வர வேண்டும் என்றில்லை.

இன்னொரு சோதனையை நான் விடுவதே இல்லை. பலத்த ஒலி கேட்டால் அங்கவடியை ஒரு சிறு தசை இழுக்கும். எலும்பு ஒட்டியிருந்தால் அந்த அசைவு பதிவாகாது. இவருக்குப் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் கதையே வேறு. உள்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேல் எலும்பு மெலிந்து திறந்திருந்தாலும் இதே மாதிரி இடைவெளி வரும். அதைத் தவறாக எடுத்துக்கொண்டு அங்கவடியில் அறுவை செய்தால் பயன் இருக்காது. அங்கே தசையின் இழுப்பு வழக்கம்போல இருக்கும், இதுதான் வேறுபாடு. சந்தேகம் இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

இனி, அறுவையா செவித்துணைக் கருவியா? எல்லாரும் கேட்பது, எது நல்லது என்று. என் பதில் எப்போதும் அந்த இரண்டு கோடுகளில் இருந்தே தொடங்கும். அறுவை சிகிச்சை காற்றுக் கோட்டை எலும்புக் கோடு வரை தூக்கும், அதற்கு மேல் தூக்காது. எலும்புக் கோடு நன்றாக இருந்து இடைவெளி பெரிதாக இருப்பவருக்குத்தான் லாபம் அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், அதே ஆளுக்குக் கருவியும் அருமையாக வேலை செய்யும். உள்காது நன்றாக இருப்பதால் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாலே போதும், பேச்சு தெளிவாகப் புரியும். முதுமையில் நரம்பு தளர்ந்தவர்கள் "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்பார்களே, அந்தத் தொல்லை இங்கே குறைவு.

அறுவையில் காதுத் துளை வழியாகவே போய், செவிப்பறையை ஓரத்தில் தூக்கி, அங்கவடியின் மேல் வளைவை எடுத்துவிடுவார்கள். அடித்தட்டில் லேசராலோ நுண்ணிய துளைகருவியாலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போடுவார்கள். அதில் 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஸ்டன் ஒன்றை இறக்கி, மறுமுனையைப் பட்டடை எலும்பில் கொக்கிபோல மாட்டுவார்கள். 1956-ல் ஜான் ஷே என்ற அமெரிக்க மருத்துவர் டெஃப்லானால் ஆன செயற்கை அங்கவடியை வைத்துக் காட்டியதில் இருந்து வளர்ந்த முறை இது. கைதேர்ந்தவர்கள் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு இடைவெளி 10 டெசிபலுக்குள் மூடிவிடும். ஆனால் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவருக்கு அந்தக் காதின் கேள்விப்புலன் முழுவதும் போய்விடலாம். அப்படிப் போன காதுக்குச் சாதாரணக் கருவியும் உதவாது. இந்த ஒரு வரியை நான் இரண்டு முறை சொல்வேன். ஒரே காதில்தான் கேட்கிறது என்பவருக்கு அந்தக் காதில் அறுவையைப் பரிந்துரைக்காததும் இதனால்தான்.

அதனால் அறுவைக்கு மனம் சாய்ந்தவர்களையும் முதலில் கருவியைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். அந்தப் பெண் சில வாரம் போட்டார். குழந்தைகளின் பேச்சு கேட்டது, ஆனால் காதை அடைக்கும் அச்சு அவருக்கு ஒத்துவரவில்லை. கனத்த ஒலிகளைக் கூட்ட வேண்டுமானால் துளையை நன்றாக மூடவேண்டும். அவர் அறுவையைத் தேர்ந்தெடுத்தார். செலவில் ஒரு பகுதிக்கு மெடிசேவ் கைகொடுத்தது. முதல் சில நாள் தலைசுற்றல், காதில் பஞ்சு இருந்ததால் முன்பைவிட மந்தம். மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, பளு தூக்கக்கூடாது, மருத்துவர் சொல்லும்வரை விமானம் வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகு திடீரென்று காது அடைந்து கடுமையாகத் தலை சுற்றினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே திரும்பி வர வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. பிறகு சோதித்தபோது 500, 1000, 2000 மூன்றிலும் 20-ல் நின்றது. 4000-ல் 30 மட்டும், அங்கே ஏற்றம் குறைவாக இருப்பது வழக்கம்தான். எலும்புக் கோட்டின் குழியும் 15-க்கு ஏறியிருந்தது.

கிட்டத்தட்ட இதே வரைபடத்தோடு வந்த ஒரு சமையல்காரர் வேண்டாம் என்றுவிட்டார். நாக்கின் முன்பகுதிக்குச் சுவை உணர்த்தும் நரம்பு ஒன்று நடுக்காதின் குறுக்கே ஓடுகிறது, அறுவையில் அதை ஒதுக்கும்போது இழுபடலாம். ஒரு பக்க நாக்கில் இரும்புச் சுவை சில மாதம் இருக்கும், சிலருக்கு நீடிக்கும். "பிரியாணிக்கு உப்புப் பார்க்கிற நாக்கு மேடம், இதை வச்சுத்தான் பொழப்பு" என்றார். அவர் எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அவருக்கு வந்த தலைவலி வேறு: அடுப்படி ஆவியிலும் வியர்வையிலும் கருவியின் ஒலிக்குழாயில் நீர் கோத்து மதியத்துக்குள் சத்தம் கம்மிவிடும். வேலையில் தலையில் பட்டை கட்டிக்கொள்வதும், இரவில் உலர்த்தும் பெட்டியில் போடுவதும் பழகிய பிறகு அது குறைந்தது.

இரண்டுமே நோயை நிறுத்துவதில்லை. பிஸ்டன் வைத்த பிறகும் எலும்பு மாற்றம் உள்காதுக்குப் பரவலாம், வயதும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். சில வருடம் கழித்துப் பிஸ்டன் நகர்ந்தோ பட்டடையின் நுனி தேய்ந்தோ மறுபடி மந்தம் வரலாம். இரண்டாம் முறை செய்யும் அறுவை முதல் முறை அளவுக்குப் பலன் தருவதில்லை.

நோய் குடும்பத்தில் ஓடுவதுண்டு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்து பிள்ளைக்குப் போக இரண்டில் ஒன்று வாய்ப்பு, ஆனால் மரபணு போனவர்கள் எல்லாருக்கும் காது மந்தமாவதில்லை. எனவே அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவர்களை எலும்பு வழிச் சோதனைக்கு வரச் சொன்னேன். வந்தவர் அவர் அம்மாதான், 64 வயது, "எங்க பரம்பரையிலயே காது மந்தம்" என்று இத்தனை வருடம் விட்டுவிட்டவர். அவருக்கு எலும்புக் கோடே 40-க்கு இறங்கியிருந்தது, காற்றுக் கோடு 75. அறுவை செய்தாலும் 40-ல்தான் நிற்கும், அப்போதும் கருவி வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருவி வாங்க, குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவித்தொகை உண்டு, அதற்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தோம். இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறார். மகளின் இடது காதை வருடம் ஒருமுறை அளக்கிறோம்.