ஒலிப்பதிவின் ஒட்டுமுனையில் தொலைந்துபோகும் ‘இல்லை’

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்கள், பாசனதாரர் சங்கக் கூட்டங்கள், கடைமடைக் கிராமங்களில் எடுக்கப்படும் நேர்காணல்கள் ஆகியவற்றின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தரும் பணி எங்களிடம் தொடர்ந்து வருகிறது. அண்மைக் காலமாக டெல்டா மாவட்டங்களில் பலரும் இப்பணியைக் கணினியிலேயே செய்துகொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி உருவான எழுத்துப் பிரதிகளைச் சரிபார்க்கும்போது ஒரே வகைப் பிழை மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும்; படிப்பவருக்கு ஐயமும் எழாது; ஆனால் பேசியவர் சொன்னதற்கு நேர்மாறான பொருளை அது தரும். இப்பிழையின் வேர் பெரும்பாலும் பேச்சறி மென்பொருளின் தமிழறிவில் இல்லை. நீண்ட பதிவை எந்த இடத்தில் வெட்டினோம், வெட்டியதை எவ்வாறு ஒட்டினோம் என்பதில்தான் இருக்கிறது.

நீண்ட பதிவை முழுமையாக ஒரே மூச்சில் மென்பொருளுக்குக் கொடுக்க முடியாது. பரவலாகப் பயன்படும் விஸ்பர் என்ற பேச்சறி மாதிரி ஒரு நேரத்தில் 30 வினாடி ஒலியை மட்டுமே பார்க்கும்படி கட்டமைக்கப்பட்டது. வேவ்டூவெக் 2.0 வகை மாதிரிகளுக்கு அப்படியொரு வரம்பு இல்லை என்றாலும், ஒலியின் நீளம் இரட்டிப்பானால் அதன் ஒரு பகுதிக் கணக்கீட்டுக்குத் தேவையான நினைவகம் நான்கு மடங்காகும் என்பதால், ஒரு மணி நேரக் கூட்டத்தைச் சாதாரணக் கணினி தாங்காது. எனவே துண்டாக்கியே தீர வேண்டும். பேச்சு நின்று மௌனம் நிலவும் இடங்களைத் தேடி அங்கே வெட்டுவது நல்ல வழிதான். ஆனால் மின்விசிறிகள் சுழல, மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து பேசும் கூட்டப் பதிவில் வேண்டிய இடத்தில் மௌனம் கிடைப்பதில்லை.

ஐம்பது நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 3000 வினாடி. முப்பது முப்பதாக வெட்டினால் சரியாக 100 துண்டுகள். இருபத்தைந்தாவது நிமிடம் முடியும் இடம், அதாவது 1500-ஆவது வினாடி, இரண்டு துண்டுகளின் எல்லையாக அமைகிறது. சரியாக அந்த நொடியில் ஒரு கடைமடை விவசாயி, “ஆத்துல வருது, எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வரலைங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தி ‘வர’ என்பதற்கும் ‘லைங்க’ என்பதற்கும் நடுவே விழுகிறது. முதல் துண்டைக் கேட்கும் மாதிரிக்கு ‘வாய்க்காலுக்குத் தண்ணி வர’ என்பதோடு ஒலி முடிந்துவிடுகிறது. மாதிரி வெறும் ஒலியை மட்டும் எழுதுவதில்லை; இதுவரை கற்ற மொழியைக் கொண்டு, அடுத்து வரக்கூடியதையும் ஊகிக்கிறது. ஆகவே அது ‘வருது’ என்று முடித்துவைக்க வாய்ப்புண்டு. அடுத்த துண்டின் தலைப்பில் நிற்கும் ‘லைங்க’ என்ற ஒலிக்கு முன்னொட்டு எதுவும் இல்லாததால், மாதிரி அதை இரைச்சலாகக் கருதி விட்டுவிடக்கூடும். தண்ணீர் வராத வாய்க்காலில் தண்ணீர் வந்ததாகப் பதிவாகிவிடும். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் வந்து ஒட்டுவதால், வெட்டுப்பட்டால் இழக்கப்படுவது பெரும்பாலும் அந்த மறுப்புதான்.

இதனால்தான் துண்டுகளை ஒன்றின்மீது ஒன்று ஏறும்படி வெட்டுகிறோம். அதற்கு முன் பதிவை ஒற்றைத் தடமாக, வினாடிக்கு 16,000 மாதிரிப் புள்ளிகள் கொண்ட வேவ் கோப்பாக மாற்றிவிட வேண்டும். எம்பி3 கோப்பை அப்படியே நறுக்கினால் வெட்டு அதன் உள் சட்டகங்களின் எல்லையில்தான் விழும் என்பதால், நாம் கணக்கிட்ட நேரமும் உண்மையான நேரமும் சிறிது விலகும். பின்னால் ஒட்டும்போது அந்த விலகல் தொல்லை தரும். மாற்றிய கோப்பு சுமார் 96 மெகாபைட் ஆகும். அது பெரிய சுமையன்று.

```
ffmpeg -i koottam.mp3 -ac 1 -ar 16000 koottam.wav
```

இப்போது ஒவ்வொரு துண்டும் 30 வினாடி நீளம் கொண்டிருக்கட்டும். ஆனால் அடுத்த துண்டு 30 வினாடிக்குப் பிறகு தொடங்காமல் 20 வினாடிக்குப் பிறகே தொடங்கட்டும். அடுத்தடுத்த இரு துண்டுகளுக்கு 10 வினாடி பொதுவாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் முதல் 5 வினாடியையும் கடைசி 5 வினாடியையும் மாதிரி கேட்கும். ஆனால் அங்கே அது எழுதியதை நாம் எடுத்துக்கொள்ள மாட்டோம். நடுவிலுள்ள 20 வினாடி மட்டுமே நமக்கு வேண்டும். முதல் துண்டின் தலைப்பும் கடைசித் துண்டின் வாலும் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதே விவசாயியின் வாக்கியம் இப்போது 1480 முதல் 1510 வரையிலான துண்டில் நன்றாக உள்ளே அமர்ந்திருக்கிறது. அத்துண்டிலிருந்து 1485 முதல் 1505 வரை எடுத்துக்கொள்வதால் ‘வரலைங்க’ முழுதாகக் கிடைக்கிறது. 1500-இல் தொடங்கும் அடுத்த துண்டு ‘லைங்க’ என்பதை எப்படிக் குழப்பினாலும் கவலையில்லை. அதன் முதல் 5 வினாடி எப்படியும் கழிக்கப்படுகிறது. இதற்கு விலையும் உண்டு. துண்டுகள் 100-லிருந்து 150 ஆகின்றன. கணினி ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும்.

பலர் இந்த அளவோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். துண்டுகளை ஏறவிட்டு வெட்டினால் மட்டும் போதாது. ஏறிய பகுதியில் எந்தச் சொல்லை எந்தத் துண்டிலிருந்து எடுப்பது என்ற விதிதான் பிரதியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. வேவ்டூவெக் போன்ற, ஒவ்வொரு 20 மில்லிவினாடிக்கும் ஓர் எழுத்து வாய்ப்புக் கணிப்பைத் தரும் மாதிரிகளில் இது எளிது. 5 வினாடி என்பது 250 கணிப்புகள். இரு முனைகளிலும் அத்தனையை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை வரிசையாக ஒட்டிய பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்கிவிட்டுப் பிறகு ஒட்டினால், எல்லையின் இருபுறமும் பரவிய ஓரெழுத்து இரண்டாகிவிடும்.

விஸ்பர் போன்ற மாதிரிகள் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்குபவை என்பதால், அவற்றில் அத்தகைய சீரான அளவுகோல் இல்லை. இரு துண்டுகளின் எழுத்துகளிலும் பொதுவாக உள்ள நீண்ட தொடரைத் தேடி, அங்கே ஒட்டுவது ஒரு வழி. பேசுபவர் சொன்னதையே திரும்பச் சொல்லும்போது இது தடுமாறும். “தூர்வாரணும்ங்க, தூர்வாரணும்ங்க” என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒன்றை விழுங்கிவிடும். ஆகவே, ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்க, முடிவு நேரங்களைப் பெற்று, அச்சொல்லின் நடுப்புள்ளி எந்தத் துண்டின் ஏற்கும் எல்லைக்குள் விழுகிறதோ அதிலிருந்து எடுப்பதையே நான் விரும்புகிறேன்.

```python
keep = [w for w in words
        if lo <= offset + (w["start"] + w["end"]) / 2 < hi]
```

இங்கே `offset` என்பது அத்துண்டு முழுப்பதிவில் தொடங்கும் வினாடி; `lo`, `hi` என்பவை அத்துண்டின் ஏற்கும் எல்லை தொடங்கும், முடியும் வினாடிகள். இவ்விதி சரியானதுதான் என்றாலும் அதற்குள் ஒரு பள்ளம் மறைந்திருக்கிறது. ஒரே சொல்லுக்கு இரு துண்டுகளும் தரும் நேரங்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு, இரு பங்கு என்று விலகும். நமது ஒட்டுமுனை 1505 என்று இருக்க, “நூத்தி இருபது மூட்டை” என்ற சொற்றொடர் அவ்விடத்தில் பேசப்பட்டால், முதல் துண்டில் ‘இருபது’ என்பதன் நடுப்புள்ளி 1505.1 என்று வந்து நீக்கப்படலாம். அடுத்த துண்டில் அதே சொல் 1504.9 என்று வந்து அங்கும் நீக்கப்படலாம். எஞ்சுவது ‘நூத்தி மூட்டை’. கொள்முதல் நிலையத்தில் தேங்கிக் கிடந்த மூட்டைகளின் எண்ணிக்கை இருபது குறைந்துவிட்டது. திருத்துபவர் அதை ‘நூறு மூட்டை’ என்று அழகாக்கியும் விடுவார்.

இதற்குத் தீர்வு, ஒட்டுமுனையைக் கடிகாரம் சொல்லும் இடத்தில் வைக்காமல் பேச்சு சொல்லும் இடத்தில் வைப்பதாகும். 1500 முதல் 1510 வரையிலான பத்து வினாடியில், இரு துண்டுகளின்படியும் சொற்களுக்கிடையே மிகப்பெரிய இடைவெளி எங்குள்ளது என்று தேட வேண்டும். அது 1506.8-இல் இருந்தால் ஒட்டுமுனையை அங்கே நகர்த்திவிடலாம். கால் வினாடி அளவுக்கு ஒரு மூச்சிடைவெளி கிடைத்தாலே நேரக் கணிப்பின் விலகல் சொல்லைத் தொடாது. முனைகளிலிருந்து குறைந்தது இரண்டு வினாடி உள்ளே தள்ளியே தேட வேண்டும். இல்லையெனில் தவிர்க்க நினைத்த ஓரத்துக்கே திரும்பிவிடுவோம்.

தமிழுக்கென்று இன்னொரு இடரும் உண்டு. இதை ஏறும் பகுதி மட்டும் தீர்க்காது. விஸ்பர் சொற்களை டோக்கன்கள் என்னும் சிறு துணுக்குகளாகவே எழுதுகிறது; ஒரு துண்டுக்கு அது எழுதும் டோக்கன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. அதன் மூல நிரலில் இயல்பான அமைப்பு 224. ஆங்கிலத்தில் முப்பது வினாடிப் பேச்சுக்கு அது தாராளம். தமிழ் எழுத்துகள் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுப்பதாலும், மாதிரியின் டோக்கன் பட்டியலில் தமிழுக்குக் குறைந்த இடமே இருப்பதாலும், ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பல டோக்கன்கள் செலவாகின்றன. வேகமாகப் பேசுபவரின் துண்டில் இருபதாவது வினாடியிலேயே வரம்பு தீர்ந்துவிட்டால், அதற்குப் பிந்தைய பேச்சு எழுதப்படாமலே போகும். நாம் கழிப்பது கடைசி 5 வினாடி மட்டுமே என்பதால், 20 முதல் 25 வரையிலான வினாடிகளின் பேச்சு எந்தத் துண்டிலிருந்தும் கிடைக்காது. தமிழ்ப் பதிவுகளுக்கு நான் துண்டை 20 வினாடியாகக் குறைத்து, இரு முனைகளிலும் 4 வினாடி கழித்து, 12 வினாடிக்கு ஒன்றாக நகர்த்துகிறேன். அதே ஐம்பது நிமிடத்துக்கு 250 துண்டுகள் வரும். சிறிய துண்டையும் விஸ்பர் மௌனம் சேர்த்து 30 வினாடியாக நிரப்பிக்கொள்வதால் ஒலியைப் படிக்கும் வேலை குறையாது. நேரம் கூடுதலாகத்தான் ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுப்பவர்களுக்கு இது பொருட்டன்று.

பிழை ஒட்டுமுனையில் இருக்கிறதா, மாதிரியின் கேள்வித்திறனில் இருக்கிறதா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. பதிவின் தொடக்கத்தில் 6 வினாடி மௌனத்தைச் சேர்த்து, அதே முறையில் மறுபடியும் ஓட்ட வேண்டும். எல்லா ஒட்டுமுனைகளும் வேறு சொற்களுக்கு நகர்ந்துவிடும். இரு பிரதிகளையும் ஒப்பிட்டு, அவை வேறுபடும் இடங்களின் நேரத்தைக் குறிக்கலாம். வேறுபாடுகள் ஒட்டுமுனைகளின் அருகே குவிந்தால் ஒட்டும் விதியில் குறை. எங்கும் பரவிக் கிடந்தால் ஒலித்தரத்தையோ மாதிரியையோ பார்க்க வேண்டும். இரு பிரதிகளிலும் ஒரே பிழை இருந்தால் இச்சோதனை அதைக் காட்டாது. வட்டாரப் பெயர்கள் அப்படிப்பட்டவை: வெண்ணாறு, வெட்டாறு இரண்டும் மாறி விழுந்தால் அதைக் காதால் கேட்டே திருத்த வேண்டும்.

இறுதிப் பிரதியோடு ஒட்டுமுனைகளின் நேரப் பட்டியலையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தால், சரிபார்ப்பவர் முழுப் பதிவையும் கேட்க வேண்டியதில்லை. அப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் முன்பின் இரண்டு வினாடிக்குள் ஒரு வினைமுற்றோ எண்ணோ வருகிறதா என்று பார்த்து, வரும் இடங்களை மட்டும் ஒலியோடு ஒப்பிட்டால் போதும்.