அப்சர்வர்ஷிப் போகிறீர்களா? தடுப்பூசிப் படிவத்தை முதலில் எடுங்கள்

அப்சர்வர்ஷிப் என்பது மருத்துவர் ஒருவர் வேறொரு மருத்துவமனையில் பார்வையாளராக இருந்து கற்பது. வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து அதற்கு அனுமதிக் கடிதம் வந்ததும் எல்லோருடைய கவனமும் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும்தான் போகிறது. கூடவே வந்திருக்கும் தடுப்பூசிப் படிவத்தைக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பணம் கட்டினாலும் விரைவுபடுத்த முடியாத ஒரே காகிதம் அதுதான். டோஸ்களுக்கு இடையில் விடவேண்டிய நாட்களை யாராலும் குறைக்க முடியாது.

அமெரிக்க மருத்துவமனைகளின் படிவங்களில் பொதுவாக இருப்பவை இவை: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனை, டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் மூன்றுக்குமாகப் பத்து ஆண்டுகளுக்குள் போட்ட டிடாப், குளிர்காலமென்றால் ஃப்ளூ. கடைசி இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். சிக்கல் மற்றவற்றில்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்ச் 2 அன்று தொடங்கும் நான்கு வார அப்சர்வர்ஷிப். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்குக் கடிதம் கிடைக்கிறது. சிறுவயதுத் தடுப்பூசி அட்டை கைவசம் இல்லை. மாணவராக இருந்தபோது போட்ட மூன்று ஹெபடைடிஸ் பி டோஸ்களுக்கு மட்டும் சான்று உண்டு. நவம்பர் 10 அன்று எதிர்ப்பொருள் அளவுக்கும், காசநோய்க்கான இக்ரா சோதனைக்கும் சேர்த்தே ரத்தம் கொடுக்கிறார். முடிவில் எம்எம்ஆர் மூன்றும் பாசிட்டிவ். சின்னம்மைக்கு எதிர்ப்பொருள் இல்லை. ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் 4. மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகாவது இருக்க வேண்டும்.

நவம்பர் 18 அன்று சின்னம்மை முதல் டோஸும் ஹெபடைடிஸ் பி பூஸ்டரும் போடுகிறார். சின்னம்மை இரண்டாம் டோஸுக்கு நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அது டிசம்பர் 16. பூஸ்டருக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. ஜனவரி 5 அன்று செய்கிறார். 10-ஐத் தாண்டிவிட்டால் அத்தோடு முடிந்தது. தாண்டாவிட்டால் இன்னும் இரண்டு டோஸ் போட வேண்டும், அதில் கடைசி டோஸ் மே மாதத்துக்குப் போய்விடும். அப்போது ஒளிக்காமல் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, டோஸ் போட்டுக்கொண்டிருப்பதற்கான சான்றை ஏற்பார்களா என்று கேட்க வேண்டும். ஜனவரியிலேயே கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க அவகாசம் உண்டு. இதே ஆள் ஜனவரி இறுதியில் தொடங்கியிருந்தால் மார்ச் 2 கைவிட்டுப் போயிருக்கும்.

இக்ராவை ஏன் முதல் நாளே எடுத்தார்? எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசி போட்ட பிறகு காசநோய்ச் சோதனை தவறாக நெகட்டிவ் காட்டக்கூடும். தடுப்பூசிக்கு முன்பு அல்லது அதே நாளில் எடுக்க வேண்டும். தவறவிட்டால் குறைந்தது நான்கு வாரம் தள்ள வேண்டும். ஆனால் சோதனை இத்தனை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று சில இடங்களில் கெடு உண்டு. அதையும் படித்துவிட்டு நாள் குறியுங்கள். பிசிஜி போட்டவர்களுக்குத் தோல் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் ஆகலாம் என்பதால் இக்ராவே நல்லது. இக்ரா பாசிட்டிவ் ஆனாலும் வாய்ப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை; மார்பு எக்ஸ்ரே, அறிகுறிகள் பற்றிய கேள்வித்தாள் என்று அடுத்த படி இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் உயிருள்ள தடுப்பூசி போடக்கூடாது. அதையும் முன்கூட்டியே மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படிவம் திரும்பி வருவதுண்டு, எழுத்துக் கோளாறால். தடுப்பூசிச் சான்றில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். 03/04 என்றால் இங்கிலாந்தில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. அதனால் மாதத்தை எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு போதாது. ஆய்வகத்தின் அறிக்கை, அளவோடு, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும்.

விசாவுக்கு வருவோம். பார்வையாளராக வரும் மருத்துவருக்கு ஊதியமும் நோயாளிப் பராமரிப்பும் இல்லாதவரை அமெரிக்காவில் பி-1 வகை பொருந்தும். இங்கிலாந்தில் இதை கிளினிக்கல் அட்டாச்மென்ட் என்பார்கள். சாதாரண விசிட்டர் விசாவிலேயே, ஊதியமில்லாமல், நோயாளிக்குச் சிகிச்சை தராமல் இருக்க அனுமதி உண்டு. இரண்டு நாட்டுக்கும் அழைப்புக் கடிதத்தில் தொடக்க, முடிவுத் தேதிகள், துறை, பொறுப்பு மருத்துவர், ஊதியமோ நோயாளிப் பொறுப்போ இல்லை என்ற வரி ஆகியவை இருக்கட்டும். விமான நிலையத்தில் ‘வேலைக்கு வந்தேன்’ என்று வாய்தவறிச் சொன்னால், கடிதம் ஒன்று சொல்ல நீங்கள் வேறொன்று சொல்வதாகிவிடும்.

வார்டில் காலை வைத்த பிறகும் இதே எல்லைதான். தொடக்கூடாது, மருந்து எழுதக்கூடாது, கேஸ் ஷீட்டில் ஒரு வரியும் எழுதக்கூடாது. இதை மீறத் தூண்டுபவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்களே. ‘இந்த இதய மர்மரைக் கேட்டுப் பாருங்களேன்’ என்று ஒரு ரெசிடென்ட் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டுவார். ‘ரொம்ப நன்றி, எனக்குத் தொட அனுமதி இல்லை, நீங்கள் கேட்பதைச் சொன்னால் போதும்’ என்று சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மொழி பேசும் நோயாளி வந்தால் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், அது இன்னும் சங்கடம். ஒப்புதல் பெறுவதையோ மருந்தளவையோ நீங்கள் மொழிபெயர்த்து அதில் பிழை வந்தால் பொறுப்பு யாருடையது? மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். இன்னொருவருடைய லாகினில் கம்ப்யூட்டரைப் பார்ப்பதும், நோயாளிப் பட்டியலை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவதும் அங்கே சின்னத் தவறல்ல. அன்றே வெளியே அனுப்பப்படலாம்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் எப்படி நல்ல பெயர் வாங்குவது? கேள்வியால். நோயாளி முன்னால் கேட்காதீர்கள். அடுத்த அறைக்கு நடக்கும் வழியிலோ ரவுண்ட்ஸ் முடிந்த பிறகோ கேளுங்கள். ‘இதய செயலிழப்புக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்’ என்பது புத்தகத்தில் இருக்கிறது. ‘எடை இரண்டு கிலோ குறைந்த பிறகும் கிரியாட்டினின் ஏறுகிறதே, டையூரெடிக்கைத் தொடர்ந்தது எதனால்?’ என்று கேட்டால், நீங்கள் அந்த நோயாளியைக் கவனித்தீர்கள் என்பது கன்சல்டன்ட்டுக்குப் புரியும். நாளுக்கு இப்படி ஒன்றிரண்டு போதும். ‘எங்கள் ஊரில் இப்படிச் செய்யமாட்டோம்’ என்று தொடங்கும் வாக்கியத்தை, கேட்டாலொழிய, எடுக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நினைத்தே பலர் போகிறார்கள். பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தவரைப் பற்றி எழுத மருத்துவருக்கு ஏதாவது கையில் வேண்டும். இல்லையென்றால் ‘நேரத்துக்கு வந்தார், பணிவானவர்’ என்ற இரண்டு வரிதான் வரும். அதனால் இரண்டாம் வார இறுதியிலேயே, ரவுண்ட்ஸில் பார்த்த ஒரு நோயைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். ‘என்னிடம் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?’ என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாம் வாரத்தில், ‘என்னைப் பற்றி உறுதியாகச் சொல்லி ஒரு கடிதம் தர முடியுமா?’ என்று கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அரைமனக் கடிதத்தால் பயனில்லை. சம்மதித்தால் சிவியையும், பேசிய தலைப்பையும், கவனித்த நோயாளிகளைப் பற்றிப் பெயர் அடையாளமில்லாத நான்கைந்து வரிகளையும் அனுப்புங்கள். அமெரிக்க ரெசிடென்சிக்கான ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறையில் கடிதத்தை எழுதியவரோ அவர் சார்பில் இன்னொருவரோதான் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். அதற்கான கோரிக்கைப் படிவத்தை ஊருக்குத் திரும்பும் முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.