டைல்ஸ் குடோனுக்குப் புதிதா? லாட் நம்பரைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே புகார். ஒரே ஹாலில் பாதித் தரை ஒரு வெள்ளை, மீதி இன்னொரு வெள்ளை. சரக்கை அனுப்பிய பையன் புதுசு. "கம்ப்யூட்டர்ல 70 பெட்டி காட்டுச்சு சார், 64 அனுப்பினேன்" என்கிறான். கணக்கு சரிதான். சரக்குதான் தப்பு.

கம்ப்யூட்டர் எண்ணுவது எஸ்கேயூவை. டிசைன், அளவு, பாலிஷ், தரம் எல்லாம் ஒத்துப்போனால் அது ஒரே எஸ்கேயூ. ஒன்று மாறினாலும் வேறு. லாட் என்பது அதற்குள் இன்னொரு பிரிவு: ஒரே ஓட்டத்தில் சூளையிலிருந்து வந்த சரக்கு. அடுத்த ஓட்டத்தில் மண்ணோ சூடோ லேசாக மாறினாலே நிறம் மாறும், சிலசமயம் அளவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளும். அதனால்தான் பெட்டியின் பக்கவாட்டில் லாட் நம்பரும் ஷேடு நம்பரும் அச்சடிக்கிறார்கள். ஐயா, அது அலங்காரத்துக்கு இல்லை! ஒரு டைலைக் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பதித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும்போதுதான் தெரியும். அதற்குள் சிமென்ட் இறுகியிருக்கும்.

அந்த 70 பெட்டியில் ஒரு லாட் 41, இன்னொன்று 29. இரண்டடிக்கு இரண்டடி டைல், பெட்டிக்கு நான்கு, சுமார் 15.5 சதுர அடி. வீடு 900 சதுர அடி. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 64 பெட்டி. இதில் 500 சதுர அடி ஹாலுக்கு 36 பெட்டியை முதல் லாட்டிலிருந்தும், படுக்கையறைகளுக்கு மீதி 28 பெட்டியை மற்றதிலிருந்தும் தனித்தனியாகக் குறித்து அனுப்பியிருக்கலாம். நடுவில் வாசற்படி இருக்கிறது, யார் கண்ணையும் உறுத்தாது. அறை வாரியாக எவ்வளவு வேண்டும் என்று கேட்டாலே போதும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வீடு முழுக்க ஒரே லாட்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால் அது பேக் ஆர்டர். அதாவது ஆர்டரை ஏற்றுக்கொண்டோம், சரக்கு வரவேண்டும். குறைகிற 23 பெட்டியை மட்டும் பேக் ஆர்டரில் போடாதீர்கள். வரப்போவது வேறு லாட். 64-ஐயும் போடுங்கள். அப்புறம், புதிதாக 100 பெட்டி இறங்கினால் அதில் இந்த 64 ஏற்கெனவே விற்றது. உங்கள் கையில் இருப்பது 36.

எப்போது வரும் என்று கேட்பார்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி வரும் நாட்களை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆர்டர் போட்ட நாளிலிருந்து, ஃபேக்டரியில் அந்த டிசைன் ஓடி, லோடு சேர்ந்து, லாரி வந்து, இறக்கி, உடைசல் பார்த்து, என்ட்ரி போடும்வரை எல்லாம் சேர்ந்ததுதான் லீட் டைம். தயவுசெய்து கொத்தனாருக்குத் தேதி சொல்லும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.