திருவொற்றியூர்க் கல்வெட்டில் 'இந்து' எங்கே?

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் தவறாமல் கேட்பது, "இதில் இந்து என்ற சொல் எங்கே இருக்கிறது?" என்பதுதான். இல்லை என்று சொன்னதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். "பார்த்தீர்களா, இந்து மதம் வெள்ளைக்காரன் உண்டாக்கியதுதான்" என்று ஒரு பக்கம். "சொல் இல்லாவிட்டால் என்ன, மதம் இருந்ததே" என்று மறுபக்கம். அந்தக் காலத்து மனிதர்கள் தங்களை யாரோடு சேர்த்துக்கொண்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று இரு தரப்பாருமே பார்ப்பதில்லை.

இதே ஊரிலேயே ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதரைப் பற்றிச் சொல்கிறது. கேரளத்திலிருந்து வந்தவர், சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நெருக்கமாக இருந்தவர். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டபோது உடன் உயிர்விட முடியாமல் போன துயரத்தில் துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் மாவிரதம் என்னும் சைவத் துறவு நெறியை ஏற்றார். பின்னால் இங்கே மடத்தின் தலைவரானார். கல்வெட்டு அவரை அடையாளப்படுத்துவது குருவையும் விரதத்தையும் கொண்டுதான். இந்த மரபை ஆய்வாளர்கள் காளாமுகர் என்ற சைவப் பிரிவினரோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இப்போது சைவ சித்தாந்த நூல்கள் சமயங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வட்டங்கள். உலகாயதம், பௌத்தம், சமணம் ஆகியவை புறப்புறத்தில். வேதத்தை ஏற்கும் மீமாஞ்சையும், திருமாலை வழிபடும் பாஞ்சராத்திரமும் புறத்தில். சதுரானன பண்டிதர் ஏற்ற மாவிரதமோ பாசுபதம், காபாலம் ஆகியவற்றோடு அகப்புறத்தில். சிவனையே வணங்கினாலும் அவருக்கு உள்வட்டத்தில் இடமில்லை!

இந்த அடுக்கை இரண்டு தரப்பும் சான்றாகக் காட்டலாம். வைணவமும் சைவமும் ஒரே மதத்தின் இரு கிளைகள் என்ற எண்ணம் இதில் கிடையாது. பாஞ்சராத்திரம் மறுக்க வேண்டிய பிற சமயம். ஆனால் எல்லாவற்றையும் சமதூரத்தில் வைக்கவும் இல்லை. பௌத்தம் வெகுதொலைவில், பாஞ்சராத்திரம் அதைவிடக் கிட்டத்தில். 'ஒரே மதம்' என்பதற்கு இது போதாது, 'ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை' என்பதற்கும் போதாது.

'இந்து' என்ற சொல்லும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. சிந்து நதியை ஒட்டிய பாரசீக வழக்கிலிருந்து வந்தது. நெடுங்காலம் நிலத்தையும் மக்களையும் குறித்தது. 14-ஆம் நூற்றாண்டில் விசயநகர அரசர்கள் 'இந்துராய சுரத்திராண', அதாவது இந்து அரசர்களுக்குள் சுல்தான், என்று பட்டம் சூடினார்கள். இதைச் சமயப் பிரகடனமாகப் படிப்பது அவசரம்; சுல்தான் என்ற சொல்லையே பெருமையாக ஏற்ற பட்டம் இது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் மராத்தியில் ஏகநாதர் எழுதிய இந்து–துருக்க உரையாடலில் இருவரும் வழிபாட்டைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள். 1999-இல் வரலாற்றாய்வாளர் டேவிட் லாரன்சன் இத்தகைய சான்றுகளை வைத்தே, இந்து என்ற சமய அடையாளம் காலனியத்துக்கு முன்பே உருவாகியிருந்தது என்று வாதிட்டார். வட இந்தியாவுக்கும் மராட்டியத்துக்கும் அவர் வாதம் வலுவானது என்பது என் கணிப்பு. தமிழ்ச் சமய நூல்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

காலனிய அரசு செய்த மாற்றம் வேறு. நெகிழ்ந்த வட்டங்களை அது பதிவேட்டுக் கட்டங்களாக்கியது. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில், முஸ்லிம்களுக்குக் குரான், இந்துக்களுக்குச் சாத்திரம் என்று நீதிமன்றச் சட்டத்தைப் பிரித்தார். 1911 கணக்கெடுப்புக்காக ஆணையர் கெயிட், யார் உண்மையில் இந்து என்று பார்க்கப் பத்துச் சோதனைகளை அனுப்பினார். வேதத்தின் அதிகாரத்தை மறுக்கிறார்களா, கோயிலின் உள்ளே அனுமதி இல்லையா, பிணத்தைப் புதைக்கிறார்களா என்பவை அவற்றுள் சில. சென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டை அறிந்தவர்களுக்குக் கோளாறு உடனே புரியும். புதைப்பது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். துறவிகளையும் அடக்கம்தான் செய்வார்கள். திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியே வழிபடும் இடமாக இருக்கிறது. கோயில் கதவை மூடிவைத்துவிட்டு, உள்ளே போகாததையே அளவுகோலாக்கியது இன்னும் கொடுமை.

'இந்து' என்ற அந்தப் பதிவேட்டுக் கட்டத்துக்கு வரையறை தேடியபோது விடுதலை பெற்ற இந்தியாவும் தடுமாறியது. 1955 இந்துத் திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு வீரசைவர், பிரம்ம சமாஜத்தார் முதலியோரைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதே சட்டம். கடைசியில், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களும் இதற்குள் வருவார்கள், வேறு வழக்கம் உண்டென்று நிரூபித்தால் தவிர, என்கிறது. பழங்குடிகளுக்கு மட்டும் அரசு அறிவித்தாலன்றிப் பொருந்தாது.

ஆகவே கோயில் வரலாற்றுப் பலகை எழுதுபவர்கள் கல்வெட்டின் ஆண்டை முதலில் பாருங்கள். சதுரானன பண்டிதர் மடத்துக்கு 'மாவிரத சைவ மடம்' என்று எழுதினால் பிழையில்லை. 'பண்டைய இந்து மடம்' என்று எழுதினால், அவர் நிரஞ்சன குருவிடம் எதை ஏற்றார் என்பதே பலகையில் காணாமல் போகும்.