நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: ஈசலா, இறக்கை எறும்பா?

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் என் போனில் பூச்சிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் மட்டும் நான்கு வந்தன. நான்கிலும் ஒரே கேள்வி: "சார், இது கருப்பாத்தானே இருக்கு, எறும்புதானே?" அதில் மூன்று எறும்பு இல்லை. ஒரு வீட்டில் இரண்டு வருடமாக எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குள் குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதி உள்ளுக்குள் காலியாகிவிட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் பத்தொன்பது வருடம் ஆகிறது, இன்னும் இந்த ஒரு தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தவறையே எடுத்துக்கொள்வோம். கறையானுக்கு 'வெள்ளை எறும்பு' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். கறையான் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும், கருப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் எறும்பு என்று மக்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். நீங்கள் வெள்ளையாகப் பார்ப்பது வேலைக்காரக் கறையானை. அது வெயிலே படாமல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் வாழ்ந்து முடிக்கிற பூச்சி. அதன் தோல் மெல்லியது, நிறமற்றது. அதே புற்றில், அதே ராணிக்குப் பிறந்து, வெளியே பறந்து போக வேண்டியவைதான் ஈசல்கள். வெளிக்காற்றையும் வெளிச்சத்தையும் தாங்க வேண்டும் என்பதால் அவற்றின் உடல் கெட்டிப்பட்டு, பழுப்பு முதல் ஏறக்குறைய கருப்பு வரை நிறம் ஏறியிருக்கும். கண்ணும் இருக்கும். எறும்புக்கும் கறையானுக்கும் உறவே கிடையாது. கறையானின் நெருங்கிய சொந்தம் கரப்பான் பூச்சி. எறும்போ குளவியின் உறவு. ஆக, நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மழை நேரத்தையும் நம்ப வேண்டாம், ஒரே மழைக்குப் பிறகு இரண்டும் பறக்கும்.

சரி, படத்தில் எதைப் பார்ப்பது?

அந்த எறும்புப் பொடி வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தனியாக இருக்கும் ஒரு அம்மா, பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கத்தில் பிற்காலத்தில் குளியலறை கட்டியிருக்கிறார். அவர் அனுப்பிய முதல் படத்தில் தரையில் மூன்று பூச்சிகள். மேலிருந்து, ஃபிளாஷ் போட்டு எடுத்தது. இறக்கைகள் முதுகின்மேல் மடிந்து உடலையே மூடியிருந்தன. இப்படி ஒரு படத்தை வைத்து நானும் சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரியாது, முன் இறக்கைக்கு அடியில் பின் இறக்கை ஒளிந்துகொள்ளும், ஃபிளாஷ் பட்டால் நிறமும் மாறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் "எறும்பு, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். "அம்மா, ரெண்டு மூணு பூச்சியைப் பிடிச்சு மூடி போட்ட டப்பாவுல போட்டு, பத்து நிமிஷம் ஃபிரீசர்ல வைங்க. அசையாது. அப்புறம் வெள்ளைத் தாள்ல ஒண்ணைக் குப்புற, ஒண்ணை மல்லாக்க, ஒண்ணைப் பக்கவாட்டுல வைச்சு, ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க. பக்கத்துல ஒரு ரூபாய் காசு வைங்க. போனை ஒட்டிக்கிட்டு எடுக்காதீங்க, ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சு ஜூம் பண்ணுங்க." கிட்டக் கொண்டுபோகக் கொண்டுபோக பெரும்பாலான போன்களில் படம் மங்கித்தான் போகும்.

இரண்டாவதாக வந்த படங்களில் எல்லாம் தெரிந்தது. பக்கவாட்டுப் படத்தில் மார்பும் வயிறும் இடைவெளியில்லாமல் ஒரே குழாயாக ஒட்டியிருந்தன. எறும்பாக இருந்தால் அந்த இடத்தில் நூல் கட்டி இறுக்கியது போல இடுப்பு சிறுத்து, அதில் ஒன்றோ இரண்டோ முடிச்சு தெரிய வேண்டும். மல்லாக்கப் போட்ட படத்தில் நான்கு இறக்கைகளும் விரிந்து கிடந்தன. நான்கும் ஒரே நீளம், ஒரே வடிவம், உடலைவிட நீண்டு வாலுக்கு அப்பால் போயிருந்தன. எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை தெளிவாகச் சிறிது. முன் இறக்கையின் ஓரத்தில் பெரும்பாலும் கருத்த புள்ளி ஒன்றும் இருக்கும், நரம்புகளும் குறைவாக, கட்டம் கட்டமாக ஓடும்.

உணர்கொம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலரும் அதை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார்கள். கறையானின் கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும், எறும்பின் கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பறக்கும் எறும்புக் கூட்டத்தில் நிறைய ஆண் எறும்புகள் இருக்கும். ஆண் எறும்புகள் பலவற்றுக்கு அந்த முழங்கை மடிப்பு அவ்வளவாகத் தெரியாது. மங்கிய படத்தில் நேராகவே தோன்றும். கொம்பை மட்டும் வைத்து நானே ஆரம்ப நாட்களில் தடுமாறியிருக்கிறேன். அதனால் இடுப்பையும் இறக்கையையும் பார்த்துவிட்டுத்தான் கொம்புக்கு வருவேன்.

பூச்சியே கிடைக்கவில்லை, ஜன்னல் ஓரத்தில் இறக்கைகள் மட்டும் குவிந்து கிடக்கின்றன என்றாலும் கவலையில்லை. அவற்றைப் பெருக்கித் தள்ளாதீர்கள். எல்லாம் ஒரே அளவு என்றால் ஈசல். பெரிதும் சிறிதுமாக இரு அளவு என்றால் எறும்பு. இறக்கை உதிர்ந்த இரண்டு பூச்சிகள் ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தரையில் ஓடினால், அது ஈசல் ஜோடிதான்.

இப்போது அடுத்த கேள்வி: ஈசல் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் கறையான் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இதில்தான் மறுபக்கத் தவறு நடக்கிறது. தெருவிளக்கைச் சுற்றி வரும் ஈசல், திறந்த ஜன்னல் வழியாக உங்கள் டியூப்லைட்டுக்கும் வரும். வயல்காட்டுப் புற்றிலிருந்து வந்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். மண்ணில் வாழும் வகையில் ஈரமான மண் கிடைத்தால்தான் ஒரு ஜோடி குடியேற முடியும், உங்கள் டைல்ஸ் தரையில் முடியாது. விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் கூட்டித் தள்ளுங்கள், போதும்.

அவை எங்கிருந்து வெளியே வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும். சுவர் விரிசல், கதவு நிலையும் சுவரும் சேரும் இடுக்கு, சுவிட்ச் பாக்ஸ் ஓரம், தரை ஓரக் கல்லுக்கு அடியில் என்று வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் புறப்பட்டால், அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு கூட்டம் ஈசல் விடுவதற்கு அது சில வருடங்கள் வளர்ந்திருக்க வேண்டும். அதாவது உங்கள் சுவருக்கடியில் ஏற்கெனவே வயதான, பெரிய கூட்டம் இருக்கிறது.

அந்த அம்மாவின் வீட்டில் ஈசல் குளியலறை நிலையின் இடுக்கிலிருந்து வந்திருந்தது. நேரில் போய் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலையைத் தட்டினேன். மேலே திடமான சத்தம், கீழ் இரண்டு அடிக்கு வெற்றுச் சத்தம். முனையை அழுத்தினேன், பெயின்ட்டின் தோல் மட்டும் உடைந்து உள்ளே போனது. நிலைக்குப் பின்னால் பென்சில் பருமனில் மண் கோடு தரையிலிருந்து ஏறியிருந்தது. சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஈரம் இருந்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்? எறும்புப் பொடியும் ஸ்பிரேயும் வெளியே வந்த ஈசல்களை மட்டும் கொன்றிருந்தன. அவை எப்படியும் சாகப்போகிறவை. மரத்தைத் தின்கிற வேலைக்காரர்கள் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

முதலில் குழாய்க் கசிவைச் சரிசெய்தோம். அப்புறம் தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசலை மண்ணுக்குள் இறக்கி, சிமென்டால் அடைத்தோம். வெளிப்பக்க மண்ணிலும் செய்தோம். மண்ணில் மருந்து தொடர்ச்சியாகப் பரவினால்தான் பயன். "நிலைக்கு மட்டும் அடிச்சா போதும்" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், போதாது. வீட்டில் கிணறு இருந்தால், வேலைக்கு வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலையின் கீழ்ப்பகுதியை அறுத்து மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு நல்ல படம் எடுத்திருந்தால் அந்தத் தச்சு வேலையே வந்திருக்காது.

ஒரு விஷயம், மண் கோடே இல்லாத கறையானும் உண்டு. காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் வகை அது. அலமாரிக்கு அடியில் ரவை போன்ற கெட்டியான துகள்கள் சிறு குவியலாகச் சேர்ந்தால் அதுவாக இருக்கலாம். அதற்கு மண்ணில் மருந்து விட்டுப் பயனில்லை, மரத்துக்குத்தான் வைத்தியம். மாவு போலப் பொடி கொட்டினால் அது கறையானே இல்லை, மரம் துளைக்கும் வண்டு.

இதே வாரம் வந்த நான்காவது படத்துக்கு வருகிறேன். மாடி வீட்டுக்காரர் ஒருவர், பூந்தொட்டியிலிருந்து இறக்கைப் பூச்சி கூட்டமாகக் கிளம்பியதைப் பார்த்துப் பயந்து யாரையோ அழைத்திருக்கிறார். வந்தவர் பூச்சியைச் சரியாகப் பார்க்காமலேயே வீடு முழுக்கத் துளை போட விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படத்தில் இடுப்பு நூலாக இருந்தது, பின் இறக்கை சிறிதாக இருந்தது. எறும்பு. எறும்புகள் மரம் தின்பதில்லை, பல வகை எறும்புகள் கறையானையே வேட்டையாடும். தொட்டியை வெயிலில் நகர்த்தி வைக்கச் சொன்னேன். என் தொழிலில் இப்படி விலை சொல்கிறவர்கள் இருப்பது எனக்கே வருத்தம்தான். யார் வந்தாலும் "எந்தப் பூச்சி, எங்கிருந்து வந்தது, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு பூச்சி பறந்தால் உடனே ஸ்பிரேயை எடுக்காதீர்கள், தயவுசெய்து. முதலில் எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று ஒரு வீடியோ எடுங்கள், அரை மணி நேரத்தில் கூட்டம் ஓய்ந்துவிட்டால் அந்த இடம் பிறகு கண்ணுக்கே தெரியாது. அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்குள் எதையும் பீய்ச்ச வேண்டாம், ஷாக் அடிக்கும். மண் கோட்டையும் நான் வரும்வரை உடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஐந்தாறு பூச்சியை டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்கள்.