பாதியில் நிறுத்திய நன்றியுரை

பள்ளி ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் எந்திரக் கற்றல் பயிலரங்கு ஞாயிறு மாலை முடிந்தபோது, நன்றியுரை என் தலையில் விழுந்தது. "பங்கேற்ற ஆசிரியர்களுக்கு மனமார்ந்த" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். "நன்றி" என்று அரங்கமே முடித்து வைத்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் "வாழ்த்துகள்" என்றார்.

சரி, இந்த ஊகத்தைக் கணினி எப்படிச் செய்கிறது? மிச்ச உரையைக் கரும்பலகையில்தான் நடத்தினேன். முதலில் மூன்று வாக்கியங்கள் எழுதினேன்:

சிறப்பு விருந்தினருக்கு மனமார்ந்த நன்றி
பயிற்றுநர்களுக்கு மனமார்ந்த நன்றி
பங்கேற்ற ஆசிரியர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்

இனி எண்ணுவது மட்டும்தான் வேலை. 'மனமார்ந்த' மூன்று முறை வருகிறது. அதன் பின் 'நன்றி' இரண்டு முறை, 'வாழ்த்துகள்' ஒரு முறை. ஆகவே நிகழ்தகவு 2/3, 1/3. ரஷ்யக் கணிதவியலாளர் மார்கோவ் 1913-இல் இதே போன்ற வேலையைக் கையாலேயே செய்தார். புஷ்கினின் கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரையடுத்து மெய் எத்தனை முறை வருகிறது, மெய்யையடுத்து உயிர் எத்தனை முறை என்று எண்ணினார். நாம் எழுத்துக்குப் பதில் சொல்லை எடுத்துக்கொண்டோம், அவ்வளவே.

'பங்கேற்ற' என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் அதிக வாய்ப்புள்ள சொல்லையே எடுத்தால் 'பங்கேற்ற ஆசிரியர்களுக்கு மனமார்ந்த நன்றி' என்று வருகிறது. பலகையில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது! மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை, துண்டுகளை ஒட்டிப் புதிதாக ஒன்றைச் செய்திருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் ஒரு தமிழாசிரியர் எழுந்து, "ஆசிரியர்களுக்கும் என்று சொன்னால்?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டோம். ஓர் 'உம்' சேர்ந்ததும் அது பட்டியலிலேயே இல்லாத சொல்லாகிவிட்டது. எண்ணிக்கை சுழியம், அடுத்து என்ன வரும் என்று எதுவும் தெரியாது. வேற்றுமை உருபும் பன்மையும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி வளரும் தமிழில், சொல்லை முழுசாக எண்ணினால் எவ்வளவு உரை கொடுத்தாலும் இப்படித்தான் ஆகும். அதனால் சொல்லையே வெட்டுகிறார்கள்: ஆசிரியர், களுக்கு, ம். துண்டுகள் மூன்றும் வேறு பல சொற்களில் ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும். கேட்ட கேள்விக்குக் கணினியில் பதில் எழுதித் தரும் இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் இப்படி வெட்டிய துண்டுகளைத்தான் படிக்கின்றன.

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். நம் பலகைக் கணக்குக்கு ஒரு சொல் அளவுக்குத்தான் ஞாபகம். 'வராத விருந்தினருக்கு' என்று கொடுத்தாலும் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்து 'மனமார்ந்த நன்றி' என்று முடித்துவிடும். பெரிய மாதிரிகள் பல்லாயிரம் துண்டுகள் பின்னோக்கிப் பார்ப்பதால் 'வராத' என்பதும் கணக்கில் சேர்கிறது.

எங்கள் சிறப்பு விருந்தினர் உண்மையிலேயே அன்று வரவில்லை. முந்தின நாளே எழுதி, என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளில் அவருக்கும் மனமார்ந்த நன்றி இருந்தது.