உச்சிச் சொட்டையும் வட்டச் சொட்டையும்: தலையின் படத்தில் எதைப் பார்ப்பது?

தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் இப்போது கைபேசியில் தலையைப் படம் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். சொட்டை எவ்வளவு பெரிது என்று காட்டத்தான் அந்தப் படம். எனக்கு அளவைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: சொட்டைக்குத் தெளிவான ஓரம் இருக்கிறதா, அதற்குள் தோல் எப்படி இருக்கிறது?

ஒரு குடும்பத்தின் இரண்டு படங்களைச் சொல்கிறேன். அப்பாவுக்கு நாற்பது வயது இருக்கும், உச்சியில் முடி குறைந்திருந்தது. ஏழு வயது மகனுக்குப் பின்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சொட்டை. "அப்பாவுக்கு மாதிரியே இவனுக்கும் வழுக்கை வருது டாக்டர்" என்றார் பாட்டி. பக்கத்து வீட்டில் புழுவெட்டு என்று சொன்னதால் சின்ன வெங்காயம் தேய்த்தும் பார்த்திருந்தார்கள்.

அப்பாவின் படத்தில் சொட்டைக்கு ஓரமே இல்லை. அடர்த்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து உச்சிக்குப் போகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தடித்த முடியும் நூல் போன்ற மெல்லிய முடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காதுக்கு மேலும் பிடரியிலும் முடி அப்படியே இருக்கிறது. இது பரம்பரையாக வரும் வழுக்கை. ஆண் ஹார்மோனின் தாக்கத்தால் மயிர்க்கால்கள் சுருங்கி, முடி உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முந்தியதைவிட மெல்லிய, குட்டையான முடியை வளர்க்கின்றன. பெண்களுக்கு இதுவே வகிடு அகலமாவதாகத் தெரியும். முன்நெற்றி ஓரம் பெரும்பாலும் கலையாது. சந்தேகமாக இருந்தால் உச்சி வகிட்டையும் பின்தலையில் எடுத்த வகிட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சியில் மட்டும் அகலம் என்றால் இந்த வகையாக இருக்கலாம். கூடவே மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் இருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் தானாக நிற்கும்.

மகனின் படம் அப்படி இல்லை. வட்டத்துக்கு ஓரம் தெரிந்தது. புழுவெட்டு என்றால் உள்ளே தோல் வழவழப்பாக, செதில் இல்லாமல் இருக்கும். ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். நம் எதிர்ப்பு சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது அது. புழுவோ பூச்சியோ வெட்டுவதில்லை. ஒன்றிரண்டு சின்ன வட்டங்கள் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே முளைத்துவிடும். அதனால்தான் எதைத் தேய்த்தாலும் பலித்தது போலத் தோன்றுகிறது. ஆனால் தோல் வெந்துபோகும் அளவுக்குத் தேய்த்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்க மனசு வலிக்கிறது.

இந்தப் பையனின் வட்டத்துக்குள் சாம்பல் நிறச் செதில் இருந்தது. முடி உதிராமல் தோல் மட்டத்தில் ஒடிந்து, கறுப்புப் புள்ளிகளாக நின்றது. கழுத்தின் பின்பக்கம் நெறி கட்டியிருந்தது. இவை மூன்றும் சேர்ந்தால், குழந்தைகளுக்கு முதலில் நினைக்க வேண்டியது பூஞ்சைத் தொற்று. செதிலையும் ஒடிந்த முடியையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், பூஞ்சை தெரிந்தது. மயிர்க்காலுக்குள் இருக்கும் பூஞ்சையைக் களிம்பு எட்டாது. வாய்வழி மருந்தைப் பல வாரம் தர வேண்டும். அவர்கள் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பை மறைத்ததே தவிர, தொற்றைப் பரவ விட்டிருந்தது. ஒரே சீப்பைப் பயன்படுத்திய தங்கையின் தலையிலும் செதில் இருந்தது. ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் செதில் இல்லை, குட்டை முடி முளைத்திருந்தது. அப்பாவுக்கு உச்சியில் தடவ மினாக்சிடில் கொடுத்தேன். அதற்குப் பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும், நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

காத்திருக்கக் கூடாத படங்களும் உண்டு. சொட்டைக்குள் மயிர்க்கால் துளைகளே இல்லாமல் தோல் பளபளவென்று தெரிந்தால் அது தழும்பாக இருக்கலாம். அந்த இடத்தில் முடி திரும்பாது, சுற்றியுள்ளதையாவது காப்பாற்றச் சீக்கிரம் தோல் துணுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். சீழோடு வீங்கி வலிக்கிற வட்டமும் தழும்பில் முடியலாம். இரண்டுக்கும் அந்த வாரமே வாருங்கள்.

படம் எடுக்கும்போது எண்ணெய் வேண்டாம். முடி திரிதிரியாக ஒட்டி, நல்ல தலையும் சொட்டையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், முழுத் தலைக்கு ஒன்று, வகிட்டுக்கு ஒன்று, வட்டத்தின் ஓரத்துக்கு நெருக்கமாக ஒன்று எடுங்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே தூரத்தில் எடுக்க வேண்டும்: வட்டச் சொட்டைக்கு நாலு வாரம் கழித்து, உச்சி வழுக்கைக்கு மூன்று மாதம் கழித்து.